பழைய கார் கைமாறும்போது போனஸ் யாருக்கு?

பழைய கார் வாங்கினால் பாலிசியும் க்ளெய்ம் செய்யாததற்காக அதிலிருக்கும் 50% பிரீமியம் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸும் சேர்ந்தே வரும் என்று பலர் நம்புகிறார்கள். பாலிசியை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் போனஸ் விற்றவருடையது. அது ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை.

வாங்குபவர் 14 நாளுக்குள் ஆர்டிஓ உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 நகல்களோடு காப்பீட்டு நிறுவனத்தில் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தேர்ட் பார்ட்டி காப்பீடு தானாக வந்துவிடும், சரி, ஆனால் உங்கள் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதி பெயர் மாறும்வரை உங்களுக்குப் பயன்படாது, இடையில் எங்காவது இடித்துவிட்டால் க்ளெய்ம் நிராகரிக்கப்படும்.

பெயர் மாற்றும்போது போனஸ் தள்ளுபடியை மீதிக் காலத்துக்குக் கணக்கிட்டு உங்களிடம் வசூலிப்பார்கள். ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 ரூபாய், 50% போனஸ் போக விற்றவர் கட்டியது 4,000, இன்னும் ஆறு மாதம் பாக்கி என்றால் நீங்கள் 2,000 ரூபாயும் வரியும் கட்ட வேண்டும். விலை பேசும்போதே இதைக் கழித்துப் பேசுங்கள்.

அப்புறம் விற்பவர்களுக்கு: விற்றதற்கான ஆதாரத்தைக் கொடுத்து காப்பீட்டு நிறுவனத்திடம் நோ க்ளெய்ம் போனஸ் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். 3 வருடத்துக்குள் உங்கள் பெயரில் வாங்கும் அடுத்த காருக்கு அதே 50% கிடைக்கும்.