லோகோ வரைவதற்கு முன்: ஒரு சேலம் கொலுசு பிராண்டுக்கு ஆறுமுகப் பட்டகம் நிரப்புவது எப்படி?

டிசைனரிடம் போய் "நல்லதா ஒரு லோகோ போட்டுக் கொடுங்க" என்றால், அவர் கேட்கும் முதல் கேள்வி "என்ன கலர் வேணும்?" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்குச் சொந்த விருப்பத்தை வைத்துப் பதில் சொல்லிவிட்டால், பிறகு வரும் எல்லா வேலையும் யாருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்ற பேச்சாகவே போகும். அதைத் தவிர்க்க, பிராண்ட் யார் என்பதை முதலில் எழுதி முடிக்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல கருவி, பிரான்ஸைச் சேர்ந்த பேராசிரியர் ழான்-நோயல் காப்ஃபெரர் 1980களில் வகுத்த பிராண்ட் அடையாளப் பட்டகம். உருவம், குணம், பண்பாடு, உறவு, பிரதிபலிப்பு, தன்னுருவம் என்று அதற்கு ஆறு முகங்கள்.

இதை ஒரே எடுத்துக்காட்டை வைத்துச் செய்து பார்ப்போம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்து, பெரிய நகைக்கடைகளுக்கு மொத்தமாக வெள்ளிக் கொலுசு கொடுத்துவந்த ஒரு குடும்பம், இனிமேல் சொந்தப் பெயரில் விற்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

தயாரிப்பு

ஒரு பெரிய தாள், இரண்டு நிறப் பேனாக்கள், மேசை மேல் உண்மையான கொலுசுகள் நாலைந்து. கூடவே பழைய பில் புத்தகமும், வாடிக்கையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும். முதலாளி, பட்டறையில் கை வேலை செய்பவர் ஒருவர், வாங்க வருபவர்களிடம் பேசுபவர் ஒருவர் ஆகிய மூவரும் கட்டாயம் உட்கார வேண்டும். முதலாளி மட்டும் உட்கார்ந்தால் ஆசைகள்தான் தாளில் ஏறும்.

பேனா இரண்டு நிறத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. இன்றைக்கே உண்மையாக இருப்பதை நீலத்திலும், இனிமேல் ஆக வேண்டியதைச் சிவப்பிலும் எழுதுங்கள். முடிவில் தாளில் பாதிக்கு மேல் சிவப்பாக இருந்தால், டிசைன் வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது. இல்லாத ஒன்றை அழகாக வரைந்து வைத்தால், முதல் தடவை வாங்கியவரே கண்டுபிடித்துவிடுவார்.

படி 1: கட்டம் போடுங்கள்

ஓர் அறுகோணம் வரையுங்கள். இடது பக்கம் மேலிருந்து கீழாக உருவம், உறவு, பிரதிபலிப்பு. இவை வெளியே தெரிபவை. வலது பக்கம் குணம், பண்பாடு, தன்னுருவம். இவை உள்ளே இருப்பவை. மேல் விளிம்பு பேசுகிறவருடைய, அதாவது பிராண்டின் படம்; கீழ் விளிம்பு கேட்கிறவருடைய, அதாவது வாடிக்கையாளரின் படம். நடுவில் இருக்கும் உறவும் பண்பாடும் இரண்டு பேரையும் சேர்க்கின்றன. நிரப்பும்போது உருவம், பண்பாடு, குணம், உறவு, பிரதிபலிப்பு, தன்னுருவம் என்ற வரிசையில் போவது எளிது. கையில் பிடிக்கக்கூடியதில் தொடங்கி, பிடிபடாததற்குப் போகலாம்.

படி 2: உருவம்

பெயரை மறைத்துவிட்டாலும் இது இன்னாருடையது என்று எதை வைத்துச் சொல்ல முடியும்? அதுதான் உருவம். கோகா கோலா டப்பாவில் விற்கும்போதுகூட அதன் மேல் வளைவான கண்ணாடிப் பாட்டிலின் படத்தை அச்சிட்டது இதனால்தான்.

முதல் தடவை எழுதுபவர்கள் இங்கே "அழகான, தரமான கொலுசு" என்று எழுதுவார்கள். அதை அடித்துவிட்டு, கொலுசைக் கையில் எடுங்கள். நம் எடுத்துக்காட்டில் எழுதக் கிடைப்பது இது: கணுக்காலில் புரளாமல் படிந்து கிடக்கும் தட்டைப் பட்டை. முத்து குறைவு, அதனால் நடந்தால் மெல்லிய சத்தம். சேலைக் கரையிலோ சுடிதார் ஓரத்திலோ நூலை இழுக்காத கொக்கி. ஒவ்வொரு ஜோடியோடும் எடையும், வெள்ளியின் சுத்தத்தைச் சொல்லும் டச்சும் எழுதிய சீட்டு. எதிலும் 'அழகு' என்ற சொல் இல்லை, ஆனால் டிசைனருக்கு இவ்வளவும் பயன்படும்.

படி 3: பண்பாடு

இந்தப் பொருளுக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை எது? பாரம்பரியம், தரம், நம்பிக்கை என்ற மூன்று சொற்களும் வராத தாளே கிடையாது. மூன்றையும் நீக்குங்கள். "சேலம்" என்ற ஊர்ப்பெயரும் தனியாக நின்றால் போதாது, கடைவீதி முழுக்க அது இருக்கிறது. சேர்வராயன் மலையை லோகோவில் வரைந்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். காப்பிக்கு அது பொருந்தலாம். கொலுசு பிறப்பது மலையில் இல்லை, பட்டறையில்.

பட்டறையில் என்ன நடக்கிறது என்று கைவேலைக்காரரைக் கேளுங்கள். கம்பி இழுப்பது ஓரிடம், கோர்ப்பது இன்னொரு வீடு, பாலிஷ் வேறு இடம் என்று சரக்கு கை மாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் தராசில் வைத்துக் கொடுத்து, தராசில் வைத்து வாங்குவார்கள். தரையில் விழுந்த தூசியைக்கூடக் கூட்டி வைத்து, அதிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். ஆக, பண்பாட்டுக்கு ஒரு வாக்கியம் கிடைக்கிறது: "ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு, அதுவும் கண்ணெதிரே." இதை நீலப் பேனாவில் எழுதலாம், ஏனென்றால் பட்டறையில் தினமும் நடப்பது இது.

படி 4: குணம்

பிராண்ட் ஓர் ஆளாக இருந்தால் எப்படிப் பேசும்? "நட்பானவர், நவீனமானவர்" என்று பெயரடைகளை அடுக்கினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. உண்மையாக வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தியை எடுத்து, பதில் எழுதிப் பாருங்கள்.

"மூணு மாசத்துல கொலுசு கறுத்துப்போச்சு" என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார். "மன்னிக்கவும் மேடம், எங்கள் தயாரிப்புகள் உயர்ந்த தரம் வாய்ந்தவை" என்பது ஒரு பதில். இன்னொன்று: "வெள்ளி காத்துல இருக்கற கந்தகம் பட்டா கறுக்கும்ங்க, அது வெள்ளியோட இயல்பு. கொண்டுவாங்க, எடை போட்டு உங்ககிட்ட காட்டிட்டு பாலிஷ் போட்டுத் தர்றோம். பாலிஷ்ல கொஞ்சம் எடை குறையும், எவ்வளவுன்னு சொல்லிடுவோம்."

இரண்டாவதில் ஓர் ஆள் தெரிகிறார். ஒளிக்காமல் சொல்கிறவர், காரணத்தோடு சொல்கிறவர், அவசரப்படாதவர். குணம் என்ற கட்டத்தில் அந்தப் பதிலையே ஒட்டிவிடுங்கள். பின்னால் விளம்பர வாசகம் எழுதுபவருக்கு அதைவிடத் தெளிவான வழிகாட்டி கிடைக்காது.

படி 5: உறவு

"குடும்பம் மாதிரி" என்று எழுதி நிறுத்தாதீர்கள். யார் யாருக்கு என்ன செய்கிறார், பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்று எழுதுங்கள். பழைய பில் புத்தகத்தைப் புரட்டினால், பிள்ளையின் கால் வளர வளரப் பழைய கொலுசைக் கொடுத்துப் பெரியதாக மாற்றிக்கொண்டவர்கள் தெரிவார்கள். அப்படியானால் உறவு இது: "கால் வளர்ந்தால் திரும்பி வருவார்கள், பழைய எடையைக் கழித்து மாற்றித் தருவோம்." மொத்த வியாபாரமே செய்துவந்த குடும்பத்துக்கு இது பெரும்பாலும் சிவப்புப் பேனாவில்தான் இருக்கும். பரவாயில்லை. ஆனால் மாற்றும் விதிகளை முடிவு செய்யாமல் அதைப் பெட்டியில் அச்சிட வேண்டாம்.

படி 6: பிரதிபலிப்பும் தன்னுருவமும்

ஆரம்பத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பிரதிபலிப்பு என்பது, இதைப் போட்டிருப்பவரைப் பார்த்து மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது. "25 முதல் 45 வயதுப் பெண்கள், நடுத்தரக் குடும்பம்" என்று எழுதினால் அது சந்தைப் பிரிவு, பிரதிபலிப்பு அல்ல. கொலுசில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். காசு கொடுப்பவர் அம்மாவாக இருக்கலாம், சீர் செய்யும் தாய்மாமனாக இருக்கலாம். ஆனால் பார்ப்பவர் கண்ணில் படுவது போட்டிருக்கும் பெண். கோகா கோலாவை எல்லா வயதினரும் குடிக்கிறார்கள், விளம்பரத்தில் தெரிவதோ இளைஞர்கள், அதே கணக்குதான்.

எனவே 'அவள்' என்று தொடங்கி எழுதுங்கள்: "அவள் தினமும் டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள். கொலுசு போடுவதை விடவுமில்லை, அதை விசேஷத்துக்கு மட்டும் எடுத்து வைக்கவுமில்லை."

தன்னுருவம் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். அதை 'நான்' என்றுதான் தொடங்க வேண்டும். இதைப் போடும்போதோ வாங்கும்போதோ ஒருவர் தன்னைப் பற்றி மனசுக்குள் சொல்லிக்கொள்வது அது. உங்கள் வாடிக்கையாளர் எட்டுப் பத்துப் பேரிடம் "இதை ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் வாங்குபவரும் போடுபவரும் வேறு வேறு என்பதால், இரண்டு பேருக்கும் ஒவ்வொரு வரி எழுதிப் பார்க்க வேண்டும். மகள்: "எனக்குத் தோதானதை நானே பாத்து எடுக்கறேன்." அம்மா: "ஏமாறாம வாங்கிக் கொடுத்தேன்." இரண்டுக்கும் பொதுவானது எது? "கண்ணை மூடிட்டு வாங்கறவ நான் இல்லை." கட்டத்தில் அதை எழுதுங்கள்.

பொதுவான வரி கிடைக்கவில்லையென்றால், இரண்டையும் அரைகுறையாகக் கலக்காதீர்கள். அடுத்த தடவை திரும்பி வரப்போவது யாரோ, அவருடைய வரியை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: சோதனை

ஒவ்வொரு வாக்கியத்திலும் உங்கள் பெயரை எடுத்துவிட்டு, எதிர்க்கடையின் பெயரை வைத்துப் படியுங்கள். அப்போதும் சரியாக இருந்தால் அந்த வாக்கியம் உங்களுடையது இல்லை. ஆறும் தப்ப வேண்டும் என்று இல்லை. குறைந்தது மூன்று தப்பினால் வேலை செய்யலாம்.

அடுத்து, முகங்களை இரண்டிரண்டாகப் பொருத்திப் பாருங்கள். "கண்ணெதிரே கணக்கு" என்று பண்பாட்டில் எழுதிவிட்டு, உருவத்தில் "சிவப்பு வெல்வெட் பெட்டி" என்று எழுதியிருந்தால் இரண்டும் இடிக்கின்றன. வெல்வெட் பெட்டி பொருளைப் பெரிதாகக் காட்டும், எடையை மறைக்கும். இப்படி இடிக்கும்போது, நீலத்தில் எழுதியதை வைத்துக்கொண்டு சிவப்பில் எழுதியதை மாற்றுங்கள். இரண்டும் நீலமாக இருந்தால், பிரச்சினை தாளில் இல்லை, கடையில்.

படி 8: டிசைனரிடம் கொடுப்பது

ஆறு வாக்கியம், ஒரே பக்கம். நிறம், எழுத்துரு, "இந்த மாதிரி இருக்கணும்" என்று இணையத்தில் எடுத்த படங்கள் எதையும் அதில் சேர்க்காதீர்கள். அந்தப் பக்கத்திலிருந்து முடிவுகள் தாமாகவே வரும்: எடையும் டச்சும் பெட்டியின் முன்பக்கத்திலேயே எழுத இடம், கொலுசைத் தராசுத் தட்டில் வைத்து எடுத்த படம், கணுக்கால் தெரியும் ஆனால் மணப்பெண் அலங்காரம் இல்லாத விளம்பரம்.

இந்தப் பட்டகம் விலையை எவ்வளவு வைப்பது, போட்டியாளரை எப்படிச் சமாளிப்பது என்றெல்லாம் சொல்லாது. அதற்கு வேறு கணக்குகள் இருக்கின்றன. டிசைனர் மூன்று மாதிரிகளோடு திரும்பி வரும்போதுதான் இதன் பயன் தெரியும். "எனக்குப் பிடிச்சிருக்கு" என்று தொடங்குவதற்கு முன், ஒவ்வொரு மாதிரியையும் ஆறு வாக்கியங்களோடு வைத்து, எந்த வாக்கியத்தோடு இடிக்கிறது என்று பென்சிலில் குறியுங்கள். குறைவாக இடிப்பதை எடுத்துக்கொண்டு, இடிக்கும் இடத்தை மட்டும் திருத்தச் சொல்லுங்கள்.