ஒய்ஃபை பக்கத்துல ஆச்சரியக்குறி: மாமா வீட்ல ஒரு காரணம், லாட்ஜ்ல வேற காரணம்

சிங்கப்பூர்லேர்ந்து திருச்சில இறங்கி, திருவிடைமருதூர் பக்கம் மாமா வீட்டுக்குப் போனேன். ராத்திரி கரண்ட் போயிட்டு வந்துச்சு, காலைல பார்த்தா ஒய்ஃபை ஃபுல் சிக்னல் காட்டுது ஆனா பக்கத்துல ஒரு ஆச்சரியக்குறி. "நேத்து நல்லாத்தானப்பா வந்துச்சு, நீ என்னத்தையாவது தொட்டியா"ன்னு மாமா என் மேலயே பழியப் போட்டார்.

சிக்னல் ஃபுல்லா இருக்குன்னா போன்லேர்ந்து ரவுட்டர் பெட்டி வரைக்கும் சரின்னு அர்த்தம், அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு போன் கனெக்ட் ஆனவொடனே கூகுளோட ஒரு சின்ன முகவரியத் தட்டிப் பார்க்கும், வரவேண்டிய பதில் வரலன்னா அந்தக் குறியப் போட்டுரும். அதனால பெரும்பாலும் ரவுட்டர்லயோ அதுக்கு அந்தப்பக்கமோதான் கோளாறு.

முதல்ல பெட்டிய பாருங்க. ஃபைபர் வீடுன்னா LOS-னு ஒரு லைட் இருக்கும், அது சிவப்பா எரிஞ்சா ஒயர்ல வெளிச்சமே வந்து சேரல, எங்கயோ அறுந்திருக்கு இல்ல மடங்கியிருக்கு, அதுக்கு நீங்க போன்ல எதைத் தட்டினாலும் பிரயோஜனமில்ல, கேபிள்காரருக்கு போன் போடணும். (ஐப்பசி கார்த்திகை மழைக்கு வந்தீங்கன்னா இத நிறையவே பார்ப்பீங்க.) மாமா வீட்ல LOS எரியல, PON-ங்கற லைட் பச்சையா நின்னு எரிஞ்சுது, அதாவது ஒயர்ல வெளிச்சம் வந்து சேருது. ரீசார்ஜ் தேதியும் முடியல. அஞ்சு நிமிஷம் பெட்டிய அணைச்சு போட்டோம், அப்பவும் அதே.

லேப்டாப்ப எடுத்து கமாண்ட் விண்டோவுல ரெண்டு வரி அடிச்சேன்:

```
ping 8.8.8.8
ping google.com
```

மொதலாவது கூகுள் சர்வரோட நம்பர், அதுக்கு பதில் வந்துச்சு, ரெண்டாவது பேரைக் கண்டுபிடிக்க முடியலன்னு நின்னுடுச்சு. அப்போ லைன் நல்லாருக்கு, பேரை நம்பரா மாத்திக் குடுக்கற டிஎன்எஸ் மட்டும் தகராறு பண்ணுது. ரெண்டுமே வரலன்னா லைன் கோளாறு, கேபிள்காரர் வேலை.

சரியான வைத்தியம் என்னன்னா பிரவுசர்ல 192.168.1.1 போட்டு (சில பெட்டிக்கு வேற நம்பர், அடியில ஸ்டிக்கர்ல இருக்கும்) உள்ள போய் டிஎன்எஸ்ஸ கூகுளோட 8.8.8.8-ன்னு மாத்தறது, அப்பதான் வீட்ல இருக்கற எல்லா போனுக்கும் சரியாகும். ஆனா பாஸ்வேர்டு மாமாவுக்குத் தெரியல, நானும் சோம்பேறித்தனமா என் போன்ல மட்டும் செட்டிங்ஸ்ல Private DNS-னு இருக்கறதுல dns.google-ன்னு அடிச்சுட்டேன். dns.google-ங்கற பேரை மட்டும் பழைய டிஎன்எஸ்தான் கண்டுபிடிச்சுக் குடுக்கணும், நல்லவேளை அது விட்டு விட்டாவது வேலை செஞ்சுது, நெட் வந்துச்சு. மாமா போன்ல சாயங்காலம் வரைக்கும் ஆச்சரியக்குறிதான், அதுக்கும் திட்டு வாங்கினேன்.

அந்த மாத்தம் மாமா வீட்டு ஒய்ஃபைக்கு மட்டும் இல்லைங்கறத மறந்துட்டேன். Private DNS போன் முழுக்க, எந்த ஒய்ஃபைல சேர்ந்தாலும் கூடவே வரும். ரெண்டு நாள் கழிச்சு கல்யாணத்துக்கு கும்பகோணத்துல லாட்ஜ் போட்டோம், மத்தவங்களுக்கெல்லாம் லாகின் பண்ணி நெட் வருது, எனக்கு குரோம்ல லாகின் பக்கம் திறக்கவே மாட்டேங்குது, ஒய்ஃபை பேருக்குக் கீழ Private DNS சர்வர அணுக முடியலன்னு ஒரு வரி மட்டும் நிக்குது. அந்த வரிதான் துப்பு. பேரு அடிச்சு வச்சிருந்தா போன் அந்த ஒரு சர்வரத்தான் கேட்கும், அதுவும் 853-ங்கற தனி வழில, லாட்ஜ் நெட்டுல அந்த வழி அடைச்சிருந்தா வேற யாரையும் கேட்காது, முரண்டு பிடிச்சு நிக்கும். ஆட்டோமேட்டிக்குன்னு மாத்தினேன், பத்து செகண்டுல சரியாச்சு.

அதுக்கப்புறமும் லாகின் பக்கம் தானா வரலன்னா குரோம்ல http://neverssl.com அடிங்க. நாம வழக்கமா போற தளமெல்லாம் பூட்டு போட்டது, நடுவுல பூந்து லாட்ஜ் தன் பக்கத்த காட்ட முடியாது, இது பூட்டில்லாத தளம், அதனால லாகின் பக்கத்துக்குத் தள்ளிவிடும். விபிஎன் ஓடுச்சுன்னா அதையும் அணைச்சுட்டு, லாகின் ஆனப்புறம் போட்டுக்குங்க.

கடைசில ஒரு முட்டுக்கட்டை, லாகின் பக்கம் பத்து இலக்க நம்பர் கேட்டுச்சு, நம்ம சிங்கப்பூர் நம்பர் எட்டு இலக்கம், ஓடிபி எப்படி வரும்? ரிசப்ஷன்ல கேட்டா கூப்பன் நம்பர் ஒன்னு சீட்டுல எழுதிக் குடுத்தாங்க. அது இல்லாத எடத்துல கூட வந்த சொந்தக்காரங்க நம்பரப் போட்டு ஓடிபி வாங்கலாம், ஆனா அப்போ நீங்க பார்க்கறதெல்லாம் அவங்க பேர்ல பதிவாகும், சொல்லிட்டுப் போடுங்க. அப்படி இன்னொரு எடத்துல மாமாகிட்ட கேட்டப்ப "என் நம்பரப் போட்டு என்னத்தடா பார்க்கப் போற"ன்னு ஒரு மாதிரியா பார்த்துட்டுத்தான் ஓடிபி சொன்னார்.