முகூர்த்தம் முடிந்த மூன்றாம் நாள்: ரிவ்யூ கேட்கும் மெசேஜை எப்படி எழுதுவது, எப்போது அனுப்புவது

ஈரோட்டில் வீட்டு மாடியில் கல்யாண பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். மூன்று மெஷின், ஒரு ஆரி ஸ்டாண்ட், உதவிக்கு இரண்டு பேர். பிளவுஸை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது "கூகுள்ல ஒரு ரிவ்யூ போட்டு விடுங்க" என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். "கண்டிப்பா போடறேங்க" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு வருடத்தில் வந்தது பதினொன்று. அதில் நான்கு என் சொந்தக்காரர்கள் போட்டது.

யாருக்கும் மனதில்லாமல் இல்லை. நான் கேட்ட நேரம்தான் தப்பு. பிளவுஸ் பைக்குள் இருக்கிறது, இன்னும் போட்டே பார்க்கவில்லை, வீட்டில் பத்திரிகை வைக்கிற வேலை பாதியில் நிற்கிறது. அந்த நேரத்தில் அவர் எதை எழுதுவார்? அதன் பிறகு நேரத்தையும் மாற்றினேன், மெசேஜையும் மாற்றினேன். தையல் கடையை வைத்துச் சொல்கிறேன். கேக் செய்கிறவர்கள், ஏசி சர்வீஸ் செய்கிறவர்கள் தங்கள் வேலைக்கு ஏற்ப நாளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் லிங்க்

கூகுளில் உங்கள் கடை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். எந்த ஜிமெயிலில் கடையைப் பதிந்தீர்களோ அதே கணக்கில் இருந்துகொண்டு, கூகுளில் கடையின் பெயரைத் தேடுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிகிற பட்டன்களில் `Ask for reviews` என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் ஒரு குட்டி லிங்க் கிடைக்கும். அதன் வடிவம் இப்படி இருக்கும்:

```
https://g.page/r/..../review
```

இதைக் காப்பி செய்து வீட்டில் வேறு ஒருவருடைய போனுக்கு அனுப்பித் தொட்டுப் பாருங்கள். நேராக ஐந்து நட்சத்திரம் உள்ள பெட்டி திறந்தால் சரி. மேப்பில் கடையின் பக்கம் மட்டும் திறந்தால் நீங்கள் எடுத்தது வேறு லிங்க். அங்கிருந்து ரிவ்யூ எழுதும் இடத்தை அவர்களே தேட வேண்டும், பாதிப் பேர் அதிலேயே விட்டுவிடுவார்கள். நான் ஆறு மாதம் அந்த லிங்க்கைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். இன்னொன்று: சோதித்துப் பார்க்கிற சாக்கில் வீட்டு ஆட்களையே ரிவ்யூ போடச் சொல்லாதீர்கள். என் நான்கையும் நானே நீக்கச் சொல்லிவிட்டேன்.

எந்த நாள், எந்த நேரம்

இதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆர்டர் நோட்டில் டெலிவரி தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டேன்: விசேஷ தேதி. அளவு எடுக்கும்போதே "என்னைக்குங்க முகூர்த்தம்?" என்று கேட்டு எழுதிவிடுவேன். எப்படியும் கேட்கிற கேள்விதான், இப்போது எழுதியும் வைக்கிறேன்.

பிளவுஸ் நன்றாக இருக்கிறது என்பது தைத்தவருக்கு டெலிவரி அன்றே தெரியும். போட்டவருக்கு விசேஷத்தில்தான் தெரியும். மண்டபத்தில் நாலு பேர் "எங்க தைச்சீங்க?" என்று கேட்ட பிறகு அவருக்கு எழுத விஷயம் கிடைத்துவிடுகிறது. அதனால் என் கணக்கு இதுதான். அடுத்தவர் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனவர் என்றால் மறுநாளே கேட்கலாம். கல்யாண வீட்டுக்காரர் என்றால் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ. மறுவீடு, மண்டபக் கணக்கு, பாத்திரம் திருப்புவது எல்லாம் அதற்குள் ஓரளவு அடங்கியிருக்கும். பத்து நாள் விட்டால் சேலை பீரோவுக்குள் போய்விடும், பேச்சும் அதோடு போய்விடும்.

நேரம் என்றால், வீட்டில் இருப்பவர்களுக்கு மதியம் இரண்டரை வாக்கில், வேலைக்குப் போகிறவர்களுக்கு இரவு எட்டரைக்கு மேல் அனுப்புகிறேன். காலை எட்டு மணிக்கு அனுப்பினால் பார்ப்பார்கள், "அப்புறம் போடலாம்" என்று வைப்பார்கள், அந்த அப்புறம் வராது.

இந்தக் கணக்கையெல்லாம் மீறின ஒரு நேரம் உண்டு. அவரே போட்டோ அனுப்பி "சூப்பர்ங்க, எல்லாரும் கேட்டாங்க" என்று எழுதுகிற நேரம். அப்போது நாளும் கிழமையும் பார்க்க வேண்டாம். போன் அவர் கையில் இருக்கிறது, சந்தோஷமும் இருக்கிறது. பத்து நிமிடத்துக்குள் நன்றி சொல்லிவிட்டு அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகவே கேட்டுவிடுங்கள்.

யாருக்கு அனுப்புவது

சந்தோஷமாக இருப்பவரை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்கலாமே என்று தோன்றும். "பிடிச்சிருந்தா இந்த லிங்க், பிடிக்கலைன்னா எனக்கு போன் பண்ணுங்க" என்று சிலர் அனுப்புவார்கள். நல்ல ரிவ்யூவை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்பதைக் கூகுளின் விதி அனுமதிப்பதில்லை. ரிவ்யூவுக்குப் பதிலாகத் தள்ளுபடியோ இலவசமோ கொடுப்பதையும் அனுமதிப்பதில்லை. "ரிவ்யூ போட்டால் ஃபால்ஸ் பைப்பிங் ஃப்ரீ" என்று நானும் ஒரு தீபாவளிக்கு ஆரம்பித்தேன், விதியைப் படித்த அன்றே நிறுத்தினேன்.

அதனால் நான் ஆளைப் பொறுக்குவதில்லை, நேரத்தைத்தான் பார்க்கிறேன். டெலிவரி ஆன மறுநாள் "போட்டுப் பார்த்தீங்களா, கை டைட்டா இருக்கா?" என்று மட்டும் கேட்பேன். அதில் லிங்க் இருக்காது. குறை இருந்தால் விசேஷத்துக்கு முன்பே ஆல்ட்டர் செய்து கொடுத்துவிடலாம். சரி செய்து கொடுத்த பிறகு அவருக்கும் எல்லோருக்கும் போகிற அதே மெசேஜ் போகும். என்னிடம் வந்த நல்ல ரிவ்யூக்களில் இரண்டு மூன்று, கைக்குழி பிடிக்கிறது என்று திரும்ப வந்தவர்கள் எழுதியவை.

மெசேஜை எழுதுவது

நான் முன்பு அனுப்பியது இது:

> அன்பார்ந்த வாடிக்கையாளரே, எங்கள் சேவையைப் பயன்படுத்தியதற்கு நன்றி. தங்கள் மேலான கருத்தை 5 ஸ்டார் ரேட்டிங்குடன் கீழ்க்கண்ட லிங்க்கில் பதிவிட்டு எங்கள் வளர்ச்சிக்கு உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் இன்ஸ்டா பக்கத்தையும் ஃபாலோ செய்யவும்.

பேங்க்கிலிருந்து வந்த மெசேஜ் மாதிரி இருக்கிறது. பெயர் இல்லை, என்ன தைத்தோம் என்பது இல்லை, எத்தனை நட்சத்திரம் என்று நாமே சொல்லிவிட்டோம், ஒரே மூச்சில் இரண்டு வேலை கொடுத்துவிட்டோம். இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

பெருந்துறைப் பக்கமிருந்து வந்த ஒரு அக்காவுக்கு அனுப்பியதைக் காட்டுகிறேன். மகள் கல்யாணம், அவருக்கும் மகளுக்குமாக மூன்று பிளவுஸ். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். புதன் மதியம் இரண்டே முக்காலுக்கு அனுப்பினேன்:

> அக்கா, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா? பாப்பாவோட முகூர்த்த பிளவுஸ் கை ஆரி வேலைக்குப் பதினோரு நாள் ஆச்சு, மேடையில எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு.
>
> ஒரு உதவிங்கக்கா. ஃபிட்டிங் எப்படி இருந்துச்சு, சொன்ன தேதிக்குக் கிடைச்சுதா, இது ரெண்டை மட்டும் ரெண்டு வரி கூகுள்ல எழுதுவீங்களா? புதுசா வர்றவங்க அதைத்தான் பார்க்கறாங்க. உள்ளதை உள்ளபடியே எழுதுங்க.
>
> https://g.page/r/..../review

முதல் பத்தி இவருக்கு மட்டுமே பொருந்தும். அந்தப் பதினோரு நாளை எடுக்காமல் வேறு யாருக்கும் இதை ஃபார்வர்ட் செய்ய முடியாது. அதனால்தான் இதைப் படித்ததும் ஃபார்வர்ட் என்று நினைக்கத் தோன்றாது. இரண்டாம் பத்தியில் எதைப் பற்றி எழுதுவது என்று கேள்வியாகவே கொடுத்துவிட்டேன். "கருத்து சொல்லுங்கள்" என்றால் கட்டுரை எழுதச் சொன்ன மாதிரி மலைப்பார்கள், "தேதிக்குக் கிடைச்சுதா?" என்றால் பதில் கைவசம் இருக்கும். அந்த இரண்டு கேள்விகளையும் யோசித்துத்தான் வைத்தேன். கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுக்கிறவர்களுக்கு இருக்கிற பயமே ஃபிட்டிங்கும் தேதியும்தான். லிங்க் தனி வரியில் இருக்கிறது, அதற்குப் பின்னால் முற்றுப்புள்ளி கூட இல்லை. புள்ளி ஒட்டிக்கொண்டு லிங்க் திறக்காமல் போனதையும் பார்த்திருக்கிறேன்.

அக்கா ஒரு மணி நேரம் கழித்துப் பதில் போட்டார்: "எனக்கு எழுதவெல்லாம் வராது கண்ணு. பாப்பாவோட நாத்தனார் ரெண்டு பேரு உன் நம்பர் வாங்கிட்டுப் போனாங்க." இந்தப் பதில் அடிக்கடி வரும். "இப்ப சொன்னதையே அங்க போட்டா போதுங்கக்கா" என்று திருப்பி எழுதினேன். அன்று இரவு ரிவ்யூ வந்தது, நாத்தனார் கதையோடு. நீங்களே எழுதிக் கொடுத்து "இதை காப்பி பண்ணிப் போடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பத்து பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தால் படிக்கிறவருக்கே தெரிந்துவிடும்.

அவர் உங்களோடு எந்த மொழியில் பேசுகிறாரோ அதிலேயே மெசேஜும் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் எனக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு ஆங்கிலத்தில்தான் அனுப்புகிறேன்.

போனில் தயாராக வைப்பது

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் `Business tools` உள்ளே `Quick replies` இருக்கிறது. இரண்டாம் பத்தியையும் லிங்க்கையும் மட்டும் அங்கே சேமித்து, `/review` என்று பெயர் வைத்திருக்கிறேன். சாட்டில் `/` போட்டால் வந்துவிடும். முதல் பத்தியை ஒவ்வொரு முறையும் நோட்டைப் பார்த்துக் கையால் எழுதுகிறேன், இரண்டு நிமிட வேலை. பிராட்காஸ்ட்டில் ஒரே தடவையாக அனுப்பலாமே என்றால், உங்கள் நம்பரைச் சேமித்து வைக்காதவர்களுக்கு அது போகாது. போனாலும் முதல் பத்தி இல்லாத மெசேஜாகத்தான் போகும்.

பதில் வராவிட்டால்

நான்கு நாள் கழித்து ஒரே ஒரு தடவை நினைவூட்டலாம். "அக்கா, வேலையில மறந்திருப்பீங்க, நேரம் கிடைக்கறப்ப பாருங்க" என்று எழுதி, மேலே போய்த் தேடாமல் இருக்க லிங்க்கையும் சேர்த்துவிடுங்கள். அதோடு விட்டுவிட வேண்டும். மூன்றாவது தடவை கேட்டால் அடுத்த பிளவுஸ் வேறு கடைக்குப் போகும்.

சிலர் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. ரிவ்யூவோடு வழக்கமாகக் கூகுள் கணக்கில் இருக்கிற பெயரும் படமும் சேர்ந்து தெரியும், அது நிறையப் பெண்களுக்குப் பிடிப்பதில்லை. யாராவது அப்படிச் சொன்னால் நான் வற்புறுத்துவதில்லை. "நீங்க வாட்ஸ்அப்ல அனுப்பினதைப் பெயரை மறைச்சு ஸ்டேட்டஸ்ல வைக்கலாங்களா?" என்று கேட்பேன், சரி என்றால் மட்டும் வைப்பேன். மணப்பெண் போட்டோவுக்கு அனுமதி கேட்பது தனிப் பேச்சு. ரிவ்யூ மெசேஜோடு அதைக் கலப்பதில்லை.

"போட்டுட்டேங்க" என்று சொல்லியும் உங்கள் பக்கத்தில் வரவில்லை என்றால் உடனே மறுபடி கேட்காதீர்கள். சில ரிவ்யூக்கள் வெளியே தெரியக் கொஞ்ச நாள் ஆகும். வந்ததும் கீழே ஒரு வரி பதில் எழுதுங்கள். பெருந்துறை அக்காவுக்கு நான் எழுதியது: "நாத்தனாருங்க ரெண்டு பேரும் நேத்து வந்துட்டாங்க அக்கா, ஆவணிக்கு ஆர்டர் கொடுத்திருக்காங்க."