சூப்பர்வைசரின் சேஃப்டி சர்ட்டிஃபிகேட் இன்றைக்குச் செல்லுமா? சரிபார்க்கும் முறை

ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. 2025 செப்டம்பர் 15-ஆம் தேதி, நைட் ஷிப்டுக்குப் புது சூப்பர்வைசர் வந்து சேர்ந்தார். மதுரைப் பக்கத்துத் தம்பி, நல்ல வேலைக்காரர். அவர் கொண்டுவந்த பிளாஸ்டிக் ஃபைலில் நான்கு சர்ட்டிஃபிகேட்டுகள் இருந்தன. ஏ.டி.ஐ.எஸ். எனப்படும் தொழிற்பாதுகாப்பு டிப்ளமா, நெபோஷ் ஐ.ஜி.சி. எனப்படும் இங்கிலாந்துத் தொழிற்பாதுகாப்புச் சான்று, ஓஷா 30 மணி நேரம், முதலுதவி. நான்கும் லேமினேட் செய்து பளபளவென்று இருந்தன. எச்.ஆரில் ஜெராக்ஸ் எடுத்து, "எல்லாம் சரி" என்று எழுதி என் மேஜைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நான்கையும் நான் சரிபார்த்த வரிசையிலேயே இங்கே சொல்கிறேன். சென்னையில் சேஃப்டி துறைக்கோ எச்.ஆருக்கோ புதிதாக வந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில்: காலாவதி ஆகுமா, ஆகாதா என்று பிரியுங்கள்

புதியவர்கள் எல்லாத் தாளிலும் காலாவதித் தேதியைத் தேடுகிறார்கள். அது இல்லையென்றால் குழம்பிப் போகிறார்கள். டிப்ளமாவுக்குக் காலாவதி கிடையாது. பி.இ. பட்டம் போலத்தான், ஒருமுறை தேறினால் தேறியதுதான். நெபோஷும் அப்படியே. இவற்றில் "உண்மையானதா, முழுமையானதா" என்று மட்டும் பார்த்தால் போதும். முதலுதவி வேறு ரகம், அதற்குத் தேதி உண்டு. உயரத்தில் வேலை, பெர்மிட் வழங்குதல் போன்ற உள்பயிற்சிகளுக்கு உங்கள் கம்பெனியே ஒரு கெடு வைத்திருக்கும். பல சைட்டுகளில் அது ஒரு வருடம். இந்த ரகத்தில்தான் "இன்றைக்குச் செல்லுமா" என்ற கேள்வி வரும்.

நான் ஃபைலைத் திறந்ததும் தாள்களை மேஜையில் இரண்டு அடுக்காக வைத்துவிடுவேன். தம்பியின் ஃபைலில் மூன்று தாள்கள் ஒரு பக்கம் போயின. முதலுதவி மட்டும் தனியாக நின்றது.

ஏ.டி.ஐ.எஸ்.: யார் கொடுத்தது?

சென்னையில் இந்தப் படிப்புக்குப் பெயர்போன இடம் தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம், எல்லோரும் ஆர்.எல்.ஐ. என்பார்கள். மத்திய அரசின் டி.ஜி.ஃபாஸ்லி அமைப்பின் கீழ் வருகிறது. வேறு நிறுவனங்களும் நடத்துகின்றன. ஆனால் அதே பெயரில் ஆன்லைனில் சில வாரங்களில் "டிப்ளமா" தருகிறவர்களும் இருக்கிறார்கள். தாளின் தலைப்பு ஒரே மாதிரி இருக்கும், எழுத்து அளவுகூட ஒத்துப்போகும்.

சட்டப்படி சேஃப்டி ஆபிசராக நியமிக்க வேண்டுமென்றால், மாநில அரசு அங்கீகரித்த பட்டமோ டிப்ளமாவோ இருக்க வேண்டும். கூடவே பொறியியல் தகுதியும், சூப்பர்வைசராக வேலை பார்த்த அனுபவமும், தொழிலாளர்களில் பெரும்பாலோர் பேசும் மொழியில் போதுமான அறிவும் கேட்கிறார்கள். அந்தக் கடைசி நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. ஆபத்து வரும்போது யாரும் ஆங்கிலத்தில் கத்துவதில்லை. 2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபின், சேஃப்டி ஆபிசர் கட்டாயமாகும் எண்ணிக்கையும் இறங்கியிருக்கிறது. தொழிற்சாலைக்கு முன்பு 1000 தொழிலாளர்கள், இப்போது 500. கட்டுமானத்துக்கு முன்பு 500, இப்போது 250. அதனால் இந்தச் சரிபார்ப்பு இனி நிறையப் பேர் தலையில் விழும்.

செய்ய வேண்டியது இதுதான். பதிவு எண், தேறிய வருடம், பெயர் மூன்றையும் குறித்துக்கொண்டு, டிப்ளமா வழங்கிய நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள். முகவரியைச் சர்ட்டிஃபிகேட்டிலிருந்து எடுக்காதீர்கள், நீங்களே தனியாகத் தேடி எடுங்கள். தாளில் க்யூ.ஆர். கோடு இருந்தாலும் இதே எச்சரிக்கை. போலித் தாளை அச்சடித்தவர், "சரிபார்க்கப்பட்டது" என்று பச்சை டிக் காட்டும் வெப்சைட்டையும் சேர்த்தே செய்துவைக்க முடியும். தம்பியின் டிப்ளமா தரமணியில் வாங்கியது. நிறுவனத்துக்கே எழுதிக் கேட்டோம், சரியாக இருந்தது.

நெபோஷ்: ஒரு யூனிட்டா, இரண்டுமா?

ஐ.ஜி.சி.யில் ஐ.ஜி.1, ஐ.ஜி.2 என்று இரண்டு யூனிட்டுகள். முதலாவது தேர்வு, இரண்டாவது வேலையிடத்தில் செய்யும் அபாய மதிப்பீடு. இரண்டும் தேறினால்தான் முழுச் சர்ட்டிஃபிகேட். ஒரு யூனிட் மட்டும் தேறிவிட்டு, அந்த ரிசல்ட் தாளையே சர்ட்டிஃபிகேட்டாகக் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஏமாற்றும் எண்ணம் இருக்காது, அதுவே போதும் என்று கோச்சிங் சென்டரில் சொல்லியிருப்பார்கள். முழுத் தாளில் மாஸ்டர் லாக் எண் இருக்கும். அந்த எண்ணோடு, சம்பந்தப்பட்டவரிடம் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வாங்கி, இங்கிலாந்தில் உள்ள நெபோஷுக்கே அனுப்பிக் கேளுங்கள். சென்னையில் பயிற்சி கொடுத்த சென்டரின் பதிலோடு நிறுத்திவிடக் கூடாது.

ஓஷா 30 மணி நேரம்: இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்

ஓஷா என்பது அமெரிக்கத் தொழிலாளர் துறையின் அமைப்பு. அதன் 30 மணி நேரப் பயிற்சிக்குக் கிடைப்பது ஒரு சிறிய கார்டு. அதை வழங்க அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர், தனி அனுமதி இல்லாமல் அமெரிக்க எல்லைக்கு வெளியே வகுப்பு எடுக்க முடியாது. இன்னொன்று, இந்தப் பயிற்சியைத் தகுதிச் சான்றாக ஓஷாவே கருதுவதில்லை. அது ஒரு விழிப்புணர்வுப் பயிற்சி, அவ்வளவுதான்.

அப்படியானால் கிண்டியிலோ அம்பத்தூரிலோ இரண்டு நாளில் கொடுக்கும் ஏ4 அளவுத் தாள் என்ன? "ஓஷா தரத்தின்படி" என்று சின்ன எழுத்தில் எங்காவது இருக்கும், தேடிப் படியுங்கள். அது அந்தப் பயிற்சி நிலையத்தின் சொந்தச் சர்ட்டிஃபிகேட். தம்பியின் தாளிலும் அதே வரி கீழ்மூலையில் இருந்தது. பாடம் நல்ல பாடமாகவே இருக்கலாம். அதனால் அதை நான் நிராகரிக்கவில்லை. "தனியார் பயிற்சி, 2 நாள்" என்று பதிவில் எழுதிக்கொண்டேன். தம்பிக்கு முகம் வாடிவிட்டது.

"சார், எட்டாயிரம் கட்டிப் படிச்சேன்."

அவர்மேல் தப்பில்லை. அதையும் அவரிடம் சொன்னேன்.

முதலுதவி: தேதி இங்கேதான் கழுத்தைப் பிடிக்கும்

அப்போது நடப்பில் இருந்த 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் 45-ஆம் பிரிவில் போட்ட கணக்கு இது: ஒரே நேரத்தில் வேலையில் இருக்கும் 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும், அங்கீகரிக்கப்பட்ட முதலுதவிச் சான்று பெற்ற ஒருவர் பொறுப்பு. அவர் வேலை நேரம் முழுக்கக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எங்கள் நைட் ஷிப்டில் 140 பேர், ஒரு பெட்டி. அதன் பொறுப்பாளராகத் தம்பியைத்தான் போடுவதாக இருந்தது. அவருடைய சான்று செல்லாது என்றால், இரவு முழுக்க அந்தப் பெட்டிக்கு ஆளே இல்லை என்று பொருள். ஆள் கணக்கை மொத்தமாகப் போடாமல் ஷிப்டு வாரியாகப் போட வேண்டியது இதனால்தான்.

தம்பியிடம் இருந்தது செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் கொடுத்தது. செல்லுபடிக் காலம் 3 வருடம். தேதி 12-08-2022. அதாவது 2025 ஆகஸ்ட் 12-இலேயே முடிந்துவிட்டது. ஆனால் எங்கள் எக்செல் ஷீட் "சரி" என்று காட்டியது. ஏன்?

ஷீட்டைப் போடும் முறையும், அது பொய் சொல்லும் இடமும்

ஒரு வரிக்கு ஒரு சர்ட்டிஃபிகேட். ஒரு ஆளுக்கு நான்கு தாள் என்றால் நான்கு வரி. A-வில் பெயர், B-யில் சர்ட்டிஃபிகேட், C-யில் வழங்கிய தேதி, D-யில் செல்லுபடி மாதங்கள். காலாவதி இல்லாததற்கு D-யைக் காலியாக விடுங்கள். E-யில் முடியும் தேதி:

```
=IF(D2="","",EDATE(C2,D2))
```

F-இல் நிலை:

```
=IF(D2="","காலவரம்பு இல்லை",IF(E2<TODAY(),"முடிந்தது",IF(E2<=TODAY()+60,"புதுப்பி","சரி")))
```

E எண்ணாகத் தெரிந்தால், அந்தக் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள். 60 நாள் வைத்ததற்குக் காரணம், பயிற்சி வகுப்பில் இடம் கிடைக்கவும் ஷிப்டு மாற்றிவிடவும் அவ்வளவு அவகாசம் தேவைப்படுகிறது.

இப்போது அந்தப் பொய். எச்.ஆர். கம்ப்யூட்டரில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில், மாதம் முதலில் வருகிற மாதிரி இருந்தது. 12-08-2022 என்று தட்டியதும் எக்செல் அதை டிசம்பர் 8 என்று எடுத்துக்கொண்டது. முடியும் தேதி 2025 டிசம்பர் 8 ஆகிவிட்டது, செப்டம்பர் 15-இலிருந்து 84 நாள் தள்ளி. 60 நாள் எச்சரிக்கைகூட வரவில்லை. நாள் 12-க்கு மேல் இருந்தால் இந்தத் தப்பு தானே வெளிப்பட்டுவிடும். 25-08-2022 என்று போட்டால் எக்செல் அதைத் தேதியாக ஏற்காது. எழுத்தாக இடது ஓரம் ஒட்டி நிற்கும், E-யில் `#VALUE!` வரும். நாள் 12-க்குள் இருக்கும்போதுதான் சத்தமில்லாமல் தப்பாகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. C கட்டங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து, வடிவத்தை `dd-mmm-yyyy` என்று மாற்றுங்கள். மாதம் எழுத்தில் தெரியும். 08-Dec-2022 என்று பார்த்த நிமிடமே எங்களுக்குப் புரிந்துவிட்டது. அன்று மாலையே பழைய வரிகளையெல்லாம் ஒரிஜினல் தாள்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஜெராக்ஸை நம்பவில்லை, அதில் 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும்.

கெடு முடிந்திருந்தால்

ஆளை வேலையை விட்டு அனுப்ப வேண்டாம், அந்தப் பொறுப்பை மட்டும் எடுங்கள். தம்பி அன்றிரவே வேலையில் சேர்ந்தார். பெட்டிப் பொறுப்பை, சான்று நடப்பில் இருந்த மெயின்டனன்ஸ் ஃபிட்டர் அண்ணனிடம் கொடுத்தோம். பெட்டியின் மேல் ஒட்டிய பெயரையும் மாற்றினோம். பலர் ரெஜிஸ்டரில் மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் ரெஜிஸ்டரைப் புரட்ட மாட்டார், பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்.

தம்பியை அடுத்து வந்த முதலுதவி வகுப்புக்கு அனுப்பினோம், கம்பெனி செலவில். புதுச் சான்று வந்ததும் பழைய வரியை அழிக்காமல், கீழே புது வரியாகச் சேர்த்தேன். இன்ஸ்பெக்ஷனில் "செப்டம்பர் 15-இல் பெட்டிப் பொறுப்பை ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்டால், காட்ட அந்தப் பழைய வரி வேண்டும்.