சிவபூஜையில் கரடி: களைத்த இரவில் காமெடி தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் ஒரு நண்பர் புலம்பினார். நாள் முழுக்க வேலை, தலை கனத்துப் போய் வீட்டுக்கு வந்து, லேசாகச் சிரிக்க ஏதாவது பார்க்கலாம் என்று ஒரு தொடரைப் போட்டாராம். ஒரு மணி நேரத்தில் நெஞ்சு படபடப்போடு டிவியை அணைத்திருக்கிறார். எந்தத் தொடர் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் அதே கரடியிடம் மாட்டியவன்தான். ஆக்‌ஷன் படம் போடாதீர்கள், பேய்ப்படம் வேண்டாம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

'காமெடி' என்ற லேபிளை நம்புவது

இன்னும் என்னைக் கடுப்பேற்றுகிற தவறு இதுதான். 'தி பேர்' என்ற அமெரிக்கத் தொடர் 2024 ஜனவரியில் நடந்த எம்மி விழாவில் சிறந்த நகைச்சுவைத் தொடர் விருதை வாங்கியது. பெயரில் கரடி, எபிசோடு பெரும்பாலும் அரை மணி நேரம், கையில் நகைச்சுவை விருது; இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நானும் போட்டேன். கதை என்ன தெரியுமா? அண்ணன் தற்கொலை செய்துகொண்டபின், கடனில் மூழ்கிய அவனுடைய சாண்ட்விச் கடையை நடத்த வருகிறான் தம்பி. சமையலறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், அடுப்புச் சத்தம் வேறு. முதல் சீசனின் ஏழாவது எபிசோடில் சுமார் 18 நிமிடம் வெட்டே இல்லாத ஒரே ஷாட். ஆர்டர் வந்து குவிய, மூச்சு விட இடம் கொடுக்காமல் கேமரா சுற்றுகிறது. அருமையான தொடர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆபீஸில் திட்டு வாங்கிவிட்டு வந்தவன் பார்க்கிற பொருளா அது? அன்றைக்கு இரண்டு மணி வரை எனக்குத் தூக்கம் வரவில்லை.

நகைச்சுவை என்ற முத்திரை, அங்கங்கே சிரிக்க வைப்பார்கள் என்று மட்டும்தான் சொல்கிறது. நடுவில் உங்களை எவ்வளவு பதற வைப்பார்கள் என்று அது சொல்லாது. அதனால் இப்போதெல்லாம் போடுவதற்கு முன் இரண்டே வரி கதைச்சுருக்கம் படிக்கிறேன். நாயகன் தோற்றால் என்ன போகும் என்று மட்டும் பார்ப்பேன். வீடு, வேலை, குழந்தை, உயிர் என்று பதில் வந்தால், எத்தனை ஜோக் இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம்.

ஐஎம்டிபி தளத்தில் Parents guide என்று ஒரு பகுதி உண்டு. எல்லோரும் Violence & Gore என்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் Frightening & Intense Scenes என்பதைத் திறந்து படியுங்கள், படபடப்பு அங்கேதான் எழுதியிருக்கும். பார்வையாளர்கள் எழுதுவது என்பதால் சிலது மிகையாக இருக்கும். அப்புறம், சோகத்துக்கென்று அங்கே தனித் தலைப்பு கிடையாது. அம்மா நோயில் இறப்பது போன்ற கதையைச் சுருக்கத்தில்தான் பிடிக்க வேண்டும்.

ரத்தம் இல்லை, அதனால் மென்மை என்று நினைப்பது

அமெரிக்க 'தி ஆஃபீஸ்' தொடரில் 'ஸ்காட்ஸ் டாட்ஸ்' என்று ஒரு எபிசோடு. ஒரு வகுப்புக் குழந்தைகள் எல்லோருக்கும் கல்லூரிச் செலவை நானே கட்டுகிறேன் என்று பத்து வருடம் முன்னால் வாக்குக் கொடுத்த மேலாளர், கையில் காசில்லை என்று இப்போது அவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். பிள்ளைகளோ நன்றி சொல்லிப் பாட்டும் ஆட்டமுமாக வரவேற்கிறார்கள். ஒரு அடி விழவில்லை, ஆனால் பார்க்கிற நமக்குக் கூசுகிறது. களைத்த உடம்புக்கு அந்தக் கூச்சமும் பாரம்தான். ஆரம்பத்திலேயே ஒரு பெரிய பொய்யைச் சொல்லி, அது எப்போது வெளிப்படும் என்றே ஓடுகிற கதைகளும் இந்த ரகம்தான்.

இதற்கு நேர் எதிராக 'பேடிங்டன் 2' (2017). இதில் நிஜமாகவே கரடி! அத்தைக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கப் பணம் சேர்க்கிறது, செய்யாத திருட்டுக்கு ஜெயிலுக்குப் போகிறது. கேட்டால் கனமாகத் தெரியும். ஆனால் அங்கே மிரட்டுகிற ஆட்களே கரடியின் மரியாதையில் கரைந்துபோகிறார்கள், யாரையும் கேவலப்படுத்திச் சிரிப்பு எடுப்பதில்லை. கடைசியில் தண்ணீருக்குள் மாட்டிக்கொள்கிற ஒரு காட்சி மட்டும் கொஞ்சம் பதறும், முன்கூட்டியே தெரிந்துகொண்டால் சரி.

ட்ரெய்லரைப் பார்த்து முடிவெடுப்பது

இருக்கிற நாலு ஜோக்கையும் அதில்தான் போட்டிருப்பார்கள்.

புதுசுதான் வேண்டும் என்ற பிடிவாதம்

பார்த்த படத்தையே போடுங்கள். பாதியில் தூங்கிவிட்டாலும், மறுநாள் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை.