ஊர் வாயில் விழாமல் விருப்பத்தைச் சொல்வது: பலரும் செய்யும் தவறுகள்

காதலை வெளியில் காட்டினால் முகம் சுளிக்கிற இடங்கள் நிறைய உண்டு. கட்டுப்பாடான குடும்பங்கள், எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த குடியிருப்புகள், கண்டிப்பான அலுவலகங்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவரைப் பிடித்துப்போனால், எப்படித் தைரியமாகச் சொல்வது என்றுதான் பலரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது, விஷயம் வெளியே தெரிந்தால் யார் தலையில் விடியும் என்பது. சொன்னவருக்கு நாலு நாள் கேலியோடு முடிந்துவிடும். சொல்லப்பட்டவருக்கு, அதுவும் பெண்ணாக இருந்தால், வீட்டில் விசாரணை, போக வரக் கட்டுப்பாடு, சில நேரம் வேலையையே விட வேண்டிய நிலை. இத்தனைக்கும் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார்.

ஒரு அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவில் ஒரு இளைஞர், பக்கத்துப் பிரிவில் ஒரு பெண். ஒரு வேலைக்காகச் சில மாதங்கள் சேர்ந்து உழைத்ததில் இளைஞருக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லை. (ஒருவரின் சம்பளமோ விடுமுறையோ மற்றவர் கையில் இருந்தால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. மறுக்கும் சுதந்திரம் இல்லாதவரிடம் கேட்பது கேட்பதே இல்லை.)

இங்கே பெரும்பாலும் நடக்கும் முதல் தவறு, அந்தப் பெண்ணிடம் சொல்வதற்கு முன்பே நண்பர்களிடம் சொல்வது. யோசனை கேட்கத்தான் சொல்கிறோம். ஆனால் மறுநாள் அவர் நடந்து போகும்போது ஒருவன் இருமுகிறான், இன்னொருவன் இளைஞரின் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறான். ஓட்டுவதற்கு நமக்கு ஆள் கிடைத்துவிட்டது என்பதுதான் அவர்கள் கணக்கு. அந்தப் பெண்ணுக்கோ, தனக்கே தெரியாத ஒரு விஷயத்தில் தன் பெயர் சேர்ந்துவிட்டது. இதற்குப் பிறகு எவ்வளவு கண்ணியமாகப் போய்ப் பேசினாலும், சபையே சேர்ந்து தள்ளிவிட்ட மாதிரிதான் இருக்கும். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், அந்த அலுவலகத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம், பெயர் சொல்லாமல் சொல்லலாம்.

அடுத்தது, மரியாதையை விருப்பமாக எடுத்துக்கொள்வது. 1982இல் அன்டோனியா அபே என்ற உளவியலாளர் ஒரு ஆய்வு நடத்தினார். ஒரு ஆணும் பெண்ணும் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டார்கள். இன்னொரு ஆணும் பெண்ணும் மறைவில் இருந்து கவனித்தார்கள். பேசிய பெண்ணின் நடத்தையில், பெண்கள் கண்டதைவிட அதிகமான கவர்ச்சி நோக்கத்தை ஆண்கள் கண்டார்கள். பேசிய ஆண் மட்டுமில்லை, கவனித்த ஆணும் அப்படித்தான். கட்டுப்பாடான இடங்களில் இந்தக் குழப்பம் இன்னும் கூடலாம். ஆண்களும் பெண்களும் பேசுவதே குறைவாக இருந்தால் ஒரு சிரிப்புகூடப் பெரிதாகத் தெரியும்.

சிரித்தாரா, உடனே பதில் போட்டாரா என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வேலை விஷயம் என்றால் எல்லோருக்கும்தான் உடனே பதில் வரும். வேலை முடிந்த பிறகும் அவராகப் பேச்சைத் தொடர்கிறாரா? நாம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நம்மைப் பற்றித் திருப்பிக் கேட்கிறாரா? காரணமே இல்லாதபோது அவராக வந்து பேசியதுண்டா? இதில் ஒன்றுகூட இல்லை என்றால் பேச்சை எடுக்காமல் இருப்பதே நல்லது. இவற்றில் ஏதாவது இருந்தாலும், அது கேட்டுப் பார்ப்பதற்கான காரணம் மட்டும்தான், சம்மதம் ஆகிவிடாது.

பரிசு, எல்லோர் முன்னாலும் வாழ்த்து, அவர் வேலை முடித்து வரும் நேரம் பார்த்து வாசலில் நிற்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். நாலு பேர் பார்க்க நீட்டியதை மறுக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது.

செய்தி அனுப்புவது பாதுகாப்பு என்று நினைக்கிறோம். அதில்தான் வினையே இருக்கிறது. அவருடைய போன் மேசை மேல் கிடக்கும், தம்பி எடுத்துப் பார்ப்பான், திரையைத் திறக்காமலே செய்தியின் முதல் வரி தெரியும். இரவு பதினொரு மணிக்கு வரும் "தூங்கிட்டீங்களா?" என்ற ஒற்றை வரி போதும், ஒரு வீட்டைத் தலைகீழாக்க. பயந்துபோய் அதை அழித்தால் இன்னும் மோசம். வாட்ஸாப்பில் எல்லோருக்குமாக அழித்தால், செய்தி அழிக்கப்பட்டது என்ற குறிப்பு அங்கேயே நிற்கும். என்ன இருந்ததோ என்று பார்ப்பவர் கற்பனை ஓடும். இன்ஸ்டாகிராமில் மூன்று வருடத்துக்கு முந்தைய படத்துக்கு விருப்பம் போடுவதும் அப்படித்தான், அறிவிப்பு போய்விடும். நீங்கள் எவ்வளவு தூரம் தோண்டினீர்கள் என்பதும் தெரிந்துவிடும்.

ஆகவே நேரில் சொல்வதே நல்லது. ஆள் இல்லாத மாடிப்படியோ பூட்டிய அறையோ வேண்டாம். பிறர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், காதுக்குக் கேட்கக் கூடாது. கதவு திறந்திருக்கிற கூட்ட அறை, வேலை நேரத்தில், கையில் ஒரு கோப்போடு. பார்ப்பவருக்கு அது வேலைப் பேச்சு. வழியை மறிக்காமல், அவர் வாசல் பக்கம் இருக்கும்படி நின்றால் நல்லது. இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

சொல்ல வேண்டியதும் கொஞ்சம்தான்: "உங்களோட வேலை செஞ்சது எனக்குப் பிடிச்சிருந்தது. வேலையைத் தாண்டியும் உங்களைத் தெரிஞ்சுக்கணும்னு ஆசை. உங்களுக்கு அப்படித் தோணலைன்னா ஒண்ணுமே சொல்ல வேண்டாம், நான் திரும்பக் கேட்க மாட்டேன். யார்கிட்டயும் சொல்லலை, சொல்லவும் மாட்டேன்." அந்தக் கடைசி இரண்டு வரிகள்தான் முக்கியம். பதிலே சொல்லாமல் மறுக்க ஒரு வழியைத் திறந்துவிடுகின்றன. 2019இல் வனெசா போன்ஸ், லாரன் டிவின்சென்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியதே: விருப்பத்தைச் சொல்பவர்கள், மறுப்பவருக்கு அது எவ்வளவு சங்கடம் என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்பவர்கள் குறைவு. "பார்க்கலாம்", "இப்போ எதையும் யோசிக்கிற நிலைமையில இல்ல", "வீட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்றுதான் வரும். கடைசிப் பதிலில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வீட்டைத் தவிர வேறு தடை இல்லை என்று எடுத்துக்கொண்டு, வீட்டைச் சமாளிப்பது பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அதையும் மறுப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே வீடு மட்டும்தான் தடை என்றால், அதை மறுபடி பேச அவருக்கு வாய் இருக்கிறது. மௌனத்துக்கும் இதே கணக்குதான். "நான் சொன்னதை யோசிச்சீங்களா?" என்று பத்து நாள் கழித்துக் கேட்பது, திரும்பக் கேட்க மாட்டேன் என்று கொடுத்த வாக்கை உடைப்பது. பொதுவான தோழியைத் தூது அனுப்புவதும் அதேதான், கூடவே ஒரு சாட்சியும் சேர்ந்துவிடுகிறது.

மறுப்பு வந்த மறுநாள் காலை கோப்பு அனுப்ப வேண்டியிருந்தால் அனுப்புங்கள், எப்போதும் எழுதுகிற அதே தொனியில். வணக்கத்தை நிறுத்துவது, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிவது, திடீரென வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்பது, மூன்றுமே என்ன நடந்தது என்று பக்கத்து மேசைக்காரர்களை யோசிக்க வைக்கும். அப்புறம் விளக்கம் சொல்ல வேண்டிய நிலைமை அவருக்குத்தான் வரும்.

சம்மதம் என்றால், முதல் பேச்சிலேயே அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது சில உண்டு. எந்த நேரத்தில் செய்தி அனுப்பலாம், எந்த எண்ணுக்கு, வீட்டில் யாருக்கு எப்போது தெரியலாம். இதில் அவர் சொல்கிற வேகம்தான் வேகம்.