ஆர்டர் கூடும்போது சரக்கை எங்கே வைப்பது?

திருப்பூரிலிருந்து ஆன்லைனில் டி-ஷர்ட் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எம், எல் அளவுகள் வேகமாகத் தீரும், டிரிபிள் எக்ஸ்எல் மாதக்கணக்கில் கிடக்கும். வேகமாகப் போவதை மட்டும் அமேசான் கிடங்குக்கு அனுப்புங்கள். அங்கே சரக்கு அடைக்கும் இடத்துக்கு மாதாமாதம் வாடகை உண்டு. வெளிமாநிலக் கிடங்கு என்றால் அந்த மாநில ஜிஎஸ்டி பதிவும் வேண்டும்.

மீதிச் சரக்குக்கு ஒரு கணக்கு. சொந்த குடோனுக்கு வாடகை 12,000, பேக்கிங் ஆள் சம்பளம் 15,000 என்றால், மாதம் 300 ஆர்டருக்கு ஒன்றுக்கு 90 ரூபாய் விழும். 900 ஆர்டர் வந்தால் 30தான். இதே வேலைக்கு வெளி நிறுவனம் ஆர்டருக்கு 45 ரூபாய் கேட்டால், 600 ஆர்டர் வரை அதுவே மலிவு. ஆனால் ரிட்டர்ன் வந்த துணியைப் பார்த்து, மடித்து, திரும்ப அடுக்கத் தனிக் கட்டணமா என்று முதலில் கேளுங்கள். துணி வியாபாரத்தில் கணக்கை மாற்றுவது பெரும்பாலும் அதுதான்.